மாதவிடாய் நின்றபின் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் மார்பகப் படமும்

இன்று பாப் ஸ்மியர் என்று எல்லோரும் குறிப்பிடும் பரிசோதனை, அதைக் கண்டறிந்த ஜார்ஜ் பாப்பனிக்கோலா என்பவரின் பெயரால் வழங்குகிறது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கிரேக்க தேசத்தில் பிறந்து நியூயார்க் நகரில் ஆராய்ச்சி செய்துவந்த அந்த மருத்துவர், முதலில் புற்றுநோயைத் தேடிப் புறப்பட்டவரே அல்லர் என்பது அவ்வளவாகத் தெரியாது. கினிப் பன்றி என்னும் சிறு பிராணியின் யோனியிலிருந்து ஈரத்தை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி, நுண்ணோக்கியில் பார்த்து, அதன் சூலகம் எந்த நாளில் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுகொள்ளலாம் என்பதையே அவர் 1917-ல் வெளியிட்டார். அதே முறையைப் பெண்களிடம் கையாண்டபோதுதான் புற்றுநோய்ச் செல்கள் அவர் கண்ணுக்குப் பட்டன. 1928-ல் அதைச் சொன்னார். டிராட் என்னும் மகப்பேற்று மருத்துவரோடு சேர்ந்து 1943-ல் நூலாகவும் எழுதினார். இந்தப் பூர்வ கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்மியர் என்பது பிறப்பிலேயே ஹார்மோனின் நிழலைக் காட்டும் கண்ணாடி. ஆகவே ஐம்பது பிராயத்தை ஒட்டிச் சூலகம் ஓய்வு கொண்டு, ஈஸ்ட்ரோஜென் என்னும் சுரப்பு குன்றிவிடும்போது, அந்தக் கண்ணாடியில் தெரியும் உருவமும் மாறிவிடுவதில் வியப்பில்லை.

மார்பகத்தை எக்ஸ் கதிரால் படம்பிடிக்கும் மேமோகிராமிலும் அதே மாற்றம் தெரிகிறது. ஆனால் எதிர்த்திசையில் தெரிகிறது. சுரப்புக் குன்றுவதால் ஸ்மியர் எடுப்பதும் படிப்பதும் கடினமாகின்றன. மார்பகப் படமோ பெரும்பாலோரிடம் முன்னிலும் தெளிவாகிறது. இவ்விரண்டையும் ஒன்றாக மனத்தில் வைத்துக்கொண்டால், பரிசோதனைச் சாலையிலிருந்து வரும் தாள்களில் உள்ள விளங்காத சொற்களில் பாதிக்குமேல் விளங்கிவிடும்.

முதலில் கர்ப்பப்பை வாயைப் பார்ப்போம். அதன் வெளிப்புறத்தைப் போர்த்தியிருப்பது, தட்டையான செல்கள் பல அடுக்காக அமைந்த தோல். உள்ளே செல்லும் குறுகிய கால்வாயைப் போர்த்தியிருப்பது, தூண்போல நிற்கும் செல்களாலான ஒற்றை அடுக்கு. இவ்விரண்டும் சந்திக்கும் எல்லையில்தான் ஒரு வகைச் செல் மற்றொரு வகையாக மாறிக்கொண்டே இருக்கிறது, ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் பற்றிக்கொள்வதும், அது பல ஆண்டுகள் நீங்காமல் தங்கிவிட்டால் புற்றுநோய்க்கு முந்திய மாறுதல்கள் தோன்றுவதும் பெரும்பாலும் அந்த எல்லையிலேயே. பிள்ளை பெறும் வயதில் இந்த எல்லை, கர்ப்பப்பை வாயின் வெளி முகத்தில், பார்க்கும் கண்ணுக்கு எட்டும்படி இருக்கும். மாதவிடாய் நின்றபின், கர்ப்பப்பை வாய் சிறுத்துச் சுருங்க, எல்லையும் மெல்லமெல்லக் கால்வாயின் உள்ளே ஒதுங்கிவிடுகிறது. எதைத் தேடி நாம் போகிறோமோ அது வாசலை விட்டு உள்ளறைக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பரிசோதனை எடுக்கும் விதம் இதுதான். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி விலக்கிக்கொண்டபின், ஸ்பெகுலம் என்னும் வாத்தலகு போன்ற கருவியை உட்செலுத்தி யோனிச் சுவர்களை அகற்றுவார்கள். கர்ப்பப்பை வாய் கண்ணுக்குத் தெரிந்ததும், மரச்சட்டத்தாலோ சிறு தூரிகையாலோ அதைச் சுற்றி ஒரு முறை வருடி, ஒட்டிவரும் செல்களைக் கண்ணாடித் தகட்டில் பூசியோ, திரவம் உள்ள சிறு குப்பியில் அலசியோ அனுப்புவார்கள். எல்லாம் இரண்டு மூன்று நிமிஷ வேலை. பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாட்கள் தாம்பத்திய உறவும், யோனிக்குள் இடும் களிம்பும் மாத்திரையும், உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவுவதும் கூடாது.

இளம்பிராயத்தில் சங்கடம் மட்டுமே தரும் இச்செயல், ஐம்பத்தைந்தைக் கடந்தவர்களுக்கு வலியையே தரக்கூடும். ஏனெனில் ஈஸ்ட்ரோஜென் குன்றியபோது யோனியின் தோல் மெலிந்து, ஈரம் வற்றி, நெகிழ்ச்சி குறைந்துவிடுகிறது. வலி என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நம் பெண்களைப் பழக்கிவைத்திருக்கிறோம். அந்தப் பொறுமை இவ்விடத்தில் கேடாகவே முடியும். வலியால் உடல் இறுகினால் ஸ்பெகுலம் சரியாக விரியாது, கர்ப்பப்பை வாய் முழுதாகத் தெரியாது, எடுப்பவர் அவசரத்தில் அருகிலுள்ள சுவரை வருடிவிட்டு முடித்துவிடுவதும் உண்டு. ஆகவே, "டாக்டரம்மா, எனக்குத் தீட்டு நின்று ஏழு வருஷம் ஆகிறது, உள்ளே வறட்சி இருக்கிறது, சின்ன அளவுக் கருவி போடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சிறிய ஸ்பெகுலம் இருக்கிறது. வெதுவெதுப்பான நீரால் அதை நனைத்துக்கொள்ளலாம். எல்லை உள்ளே ஒதுங்கிவிட்டபடியால், வெறும் மரச்சட்டம் போதாது, கால்வாய்க்குள் நுழையும் மெல்லிய தூரிகையும் வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.

இனி, நுண்ணோக்கியின் அடியில் என்ன தெரிகிறது என்பதைக் கவனிப்போம். ஈஸ்ட்ரோஜென் நிறைந்த காலத்தில் தோலின் மேலடுக்குச் செல்கள் முற்றி விரிந்து, அகன்ற உடலும் சிறு புள்ளிபோன்ற உட்கருவும் கொண்டிருக்கும். அச்சுரப்பு இல்லாதபோது அவை முற்றுவதில்லை. அடித்தளத்தில் கிடக்கும் இளஞ்செல்களே மேலே தெரிகின்றன. அவை சிறியவை, உருண்டையானவை. உடலோடு ஒப்பிட்டால் உட்கரு பெரியது. ஆனால் புற்றுநோய்க்கு முந்திய கடுமையான மாறுதல் அடைந்த செல்லின் லட்சணமும் ஏறக்குறைய அதுவே: சிறிய உடல், பெரிய உட்கரு. போதாக்குறைக்கு, மெலிந்த தோலில் அழற்சி சேர்ந்துகொள்ளும். தகட்டில் பூசியதும் உடனே சாராயக் கரைசலில் நனைக்காவிட்டால், ஈரமற்ற அச்செல்கள் காற்றில் காய்ந்து உப்பி, உட்கரு இன்னும் பெரிதாகத் தோன்றும். தேர்ந்த நோய்க்குறி வல்லுநருக்கும் இங்கே தயக்கம் உண்டாவது இயல்பு. ஆகவே, "அட்ராபிக் ஸ்மியர்" என்ற சொல்லைத் தாளில் கண்டு நடுங்க வேண்டியதில்லை; ஈஸ்ட்ரோஜென் குன்றிய தோல் என்பதற்குமேல் அதற்கு அர்த்தம் இல்லை. "போதிய செல்கள் இல்லை" என்று வந்தால், நோய் இல்லை என்றும் ஆகாது, இருக்கிறது என்றும் ஆகாது. பரிசோதனையே நடக்கவில்லை என்று கொண்டு, இரண்டு முதல் நான்கு மாதங்களுக்குள் மறுபடி எடுக்க வேண்டும். இப்படி வந்த தாளை "நார்மல்" என்று எண்ணிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவதே அடிக்கடி நேரும் பிழை.

மறுபடி எடுப்பதற்குமுன் ஓர் உபாயம் செய்வார்கள். ஈஸ்ட்ரோஜென் கலந்த களிம்பையோ சிறு மாத்திரையையோ இரண்டு மூன்று வாரம் இரவில் யோனிக்குள் இடச்செய்து, பிறகு சில நாள் நிறுத்தி, அப்புறம் ஸ்மியர் எடுப்பார்கள். அந்தச் சில வாரங்களில் ஆரோக்கியமான தோல் முற்றி வளர்ந்துவிடும். மெய்யாகவே மாறுதல் அடைந்த செல்களோ களிம்புக்கு இணங்குவதில்லை, மாறாமல் அப்படியே தனித்துத் தெரியும். மயங்கவைத்த சாயலையும் உண்மையான குற்றத்தையும் பிரித்துக் காட்டும் இந்த உபாயம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அது எளியது, செலவும் குறைவு, வலியையும் குறைக்கிறது. ஆயினும் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், அந்தச் சிகிச்சை அளித்த மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடங்கலாகாது.

செல்லின் உருவத்தைப் பாராமல், வைரஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஹெச்.பி.வி. பரிசோதனை, இந்த வயதினருக்கு விசேஷமான அனுகூலம் உடையது. செல் முற்றியதா, இளையதா, காய்ந்ததா என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல; ஆகையால் வறட்சி அதை ஏமாற்றுவது குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிமுறை, இந்தப் பரிசோதனையை முப்பது வயதில் தொடங்கி ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை செய்யலாம் என்றும், ஐம்பதுக்குப்பின் தொடர்ந்து இரு முறை வைரஸ் இல்லை என்று வந்தால் நிறுத்திவிடலாம் என்றும் கூறுகிறது. கருவி புகுத்தாமல், பெண்ணே மெல்லிய பஞ்சுக்குச்சியால் எடுத்துக் கொடுக்கும் முறையும் இதில் உண்டு.

நம் ஊர் முகாம்களில் இன்னொரு முறையும் வழங்குகிறது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, எல்லையை ஒட்டி வெண்திட்டுத் தோன்றுகிறதா என்று செவிலியரே பார்ப்பார். இதன் பயனைத் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமப் பெண்களிடம் நடந்த பெரிய ஆராய்ச்சி 2007-ல் நிரூபித்தது. முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுவரை உள்ளவர்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் நேரும் மரணம் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைந்தது. ஆனால் அந்தப் பயன் முப்பதுகளில் இருந்தவர்களிடமே மிகுதியாகத் தெரிந்தது. கண்ணால் பார்க்கும் முறை, பார்க்கப்படும் இடம் வெளியே இருந்தால்தான் பலிக்கும். எல்லை கால்வாய்க்குள் ஒதுங்கிய பெண்ணிடம் வெண்திட்டுத் தெரியவில்லை என்றால், அது திட்டு இல்லாததாலா, திட்டு இருக்கும் இடமே தெரியாததாலா என்று சொல்ல இயலாது. மாதவிடாய் நின்ற பெண் இப்பரிசோதனைக்குப் போனால், "எல்லை முழுதும் தெரிந்ததா?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும்; தெரியவில்லை என்ற பதில் வந்தால், ஹெச்.பி.வி. பரிசோதனையையோ ஸ்மியரையோ நாட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை நடுவில் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்னவை யாவும் நோயின் குறி ஏதும் இல்லாதவர்களுக்கானவை. பன்னிரண்டு மாதம் தீட்டு நின்றிருந்து, பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும், "போன மாதம்தான் பாப் ஸ்மியர் நன்றாக வந்தது" என்ற ஆறுதல் செல்லாது. ஸ்மியர் கர்ப்பப்பையின் வாயைப் பற்றியது. இரத்தம் கர்ப்பப்பையின் உட்சுவரிலிருந்தும் வரலாம். ஸ்கேன் எடுத்து உட்சுவரின் கனத்தை அளப்பதும், வேண்டுமானால் சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பதும் அப்போது அவசியம்.

மார்பகப் படத்துக்கு வருவோம். மேலாடை களைந்து இயந்திரத்தின் முன் நிற்க, உதவியாளர் ஒரு மார்பைத் தட்டின்மேல் பரத்திவைத்து, மேலிருந்து தெளிந்த பிளாஸ்டிக் பலகை ஒன்றை இறக்கி அழுத்துவார். மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிச் சில விநாடியில் படம் எடுத்து அழுத்தத்தைத் தளர்த்துவார். மேலிருந்து ஒன்று, அக்குளும் அடங்கும்படி பக்கவாட்டில் சாய்வாக ஒன்று. ஆக, இரு மார்புக்கும் நான்கு படங்கள். அழுத்துவது கொடுமையாகத் தோன்றினாலும் காரணத்தோடு செய்வதே: ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் திசுக்கள் பிரிந்து பரவுகின்றன, அசைவு நிற்கிறது, குறைந்த கதிர் போதுமானதாகிறது. மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருப்பவர்கள், அது முடிந்த வாரத்தைத் தேர்ந்தால் வலி குறையும். நின்றவர்களுக்கு எந்நாளும் ஒன்றே. அன்று அக்குளிலும் மார்பிலும் பவுடரும் வாசனைத் திரவியமும் பூசக்கூடாது. அவற்றின் துகள் படத்தில் வெண்புள்ளிகளாக விழுந்து, சுண்ணாம்புப் படிவு என்ற சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

எக்ஸ் கதிர்ப் படத்தில் கொழுப்பு கருமையாகவும், பால் சுரப்பித் திசுவும் நார்த்திசுவும் வெண்மையாகவும் விழும், புற்றுக்கட்டியும் வெண்மையே. முப்பதுகளில், நாற்பதுகளில் சுரப்பித் திசு அடர்ந்திருக்கும் மார்பில் சிறு கட்டியைத் தேடுவது, பால் நிறைந்த கிண்ணத்தில் விழுந்த அரிசிமணியைத் தேடுவதற்கு ஒப்பாகும். மாதவிடாய் நின்றபின் சுரப்பித் திசு சுருங்கி, அவ்விடத்தைக் கொழுப்பு நிரப்புகிறது. அரிசிமணி இப்போது இருப்புச் சட்டியில் கிடக்கிறது, எடுத்துவிடலாம். பல தேசங்கள் இப்பரிசோதனையின் முக்கிய காலத்தை ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடையே அமைத்திருப்பதற்கு, அந்த வயதில் நோய் மிகுவதோடு, இந்தத் தெளிவும் ஒரு காரணம். பிரிட்டனில் ஐம்பது முதல் எழுபதுவரை மூன்று ஆண்டுக்கு ஒரு முறையும், அமெரிக்காவில் 2024-ன் பரிந்துரைப்படி நாற்பது முதல் எழுபத்து நான்குவரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் எடுக்கிறார்கள்.

ஆனால் எல்லா மார்பும் ஒரே நாளில் ஒரே அளவில் மாறிவிடுவதில்லை. சிலருக்கு அறுபதிலும் அடர்த்தி நீடிக்கும். தாளில் ஏ, பி, சி, டி என்று நால்வகையாக அடர்த்தியைக் குறித்திருப்பார்கள். ஏ என்பது பெரும்பாலும் கொழுப்பு, டி என்பது மிக அடர்த்தி. சி, டி என்று வந்தவர்களுக்கு அல்ட்ராசவுண்டும் சேர்த்துப் பார்ப்பது பயனுள்ளது. உடல் வெப்பம், வியர்வை முதலிய தொல்லைகளுக்காக ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டிரோனும் சேர்ந்த மாத்திரை உண்பவர்களுக்கு அடர்த்தி திரும்பவும் கூடக்கூடும். ஆகவே என்ன மாத்திரை, எப்போதிலிருந்து என்பதைப் படம் எடுப்பவரிடம் சொல்ல வேண்டும். முன்னிருந்த நீர்க்கட்டிகளும் பைப்ரோஅடினோமா என்னும் தீங்கற்ற கட்டிகளும் இந்த வயதில் வற்றிச் சுருங்குவதே இயல்பு. எனவே ஹார்மோன் மாத்திரை உண்ணாத பெண்ணிடம் மாதவிடாய் நின்றபின் புதிதாக ஒரு கட்டி தோன்றினால், இளமையில் தோன்றியதைவிட அதற்கு அதிகக் கவனம் உரியது. புதிதா பழையதா என்று தீர்மானிப்பதற்குப் பழைய படம் கையில் வேண்டும்; தாளை மட்டும் வைத்துக்கொண்டு படத்தை எறிந்துவிடுகிறவர்கள் பின்னால் வருந்துகிறார்கள். படம் நன்றாக இருந்தும் கையில் கட்டி தட்டுப்பட்டால், கையையே நம்ப வேண்டும். படம் தவறவிடும் கட்டிகளும் உண்டு.

இவையெல்லாம் ஒருவரிடம் எப்படிச் சேர்ந்து வரும் என்பதைக் காட்ட, ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், வயது ஐம்பத்தெட்டு, தீட்டு நின்று ஏழு ஆண்டு, இதற்குமுன் எந்தப் பரிசோதனையும் செய்ததில்லை. மகளின் வற்புறுத்தலால் இரண்டையும் ஒரே காலையில் செய்துகொள்கிறார். ஒரு வாரத்தில் இரு தாள்கள் வருகின்றன. ஸ்மியர்த் தாளில், "அட்ராபிக், அழற்சி, போதிய செல்கள் இல்லை." மார்பகத் தாளில், "அடர்த்தி பி, இடப்பக்கம் நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள், பை-ராட்ஸ் 0." அந்தச் சுழியத்தைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று மகள் மகிழ்கிறாள்; தாயோ, புள்ளிகள் என்ற சொல்லைக் கண்டு உறக்கம் இழக்கிறார். இருவர் எண்ணமும் பிசகு. அந்த வரிசையில் சுழியம் என்றால் தீர்மானம் முடியவில்லை, இன்னும் படம் வேண்டும் என்று பொருள்; ஒன்று என்பதே குறையேதும் இல்லாத நிலை, இரண்டு என்பது தீங்கற்ற ஒன்று தெரிகிறது என்பது; நான்கும் ஐந்தும் திசு எடுத்துச் சோதிக்கச் சொல்பவை.

மறுபடி அழைத்து, புள்ளிகள் தெரிந்த இடத்தை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுக்கிறார்கள். பெரிதாக்கியபோது, அப்புள்ளிகள் ஓர் இரத்தக் குழாயின் இரு கரையிலும் தண்டவாளம்போல இணையாக ஓடுகின்றன. நாடிச் சுவரில் படியும் சுண்ணாம்பு அது, வயது ஏறஏறப் படத்தில் மிகுதியாகக் காணப்படுவது, புற்றுநோய் அன்று. வடிவம் சீரற்று, ஒரே இடத்தில் குவிந்து, பால் நாளத்தின் போக்கில் கிளைத்திருந்தால் விஷயம் வேறாகி, ஊசியால் திசு எடுக்க நேர்ந்திருக்கும். தாள் பை-ராட்ஸ் 2 என்று திருத்தப்படுகிறது. இருந்தாலும் மருத்துவர், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒரு முறை பார்த்துவிடும்படி சொல்லி அனுப்புகிறார். நாடியில் படியும் சுண்ணாம்பு அவற்றை நினைவூட்டக்கூடியது.

ஸ்மியருக்காக மூன்று வாரம் இரவில் களிம்பு இட்டு, சில நாள் விட்டு, மூன்றாம் மாதத்தில் சின்ன ஸ்பெகுலமும் தூரிகையும் கொண்டு மீண்டும் எடுக்கிறார்கள், கூடவே ஹெச்.பி.வி. பரிசோதனையும். இம்முறை செல்கள் போதுமானவை, மாறுதல் எதுவும் இல்லை; ஆயினும் "கால்வாய்ச் செல்கள் காணப்படவில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. அம்மையார் திரும்பவும் கலங்குகிறார். எல்லை உள்ளே ஒதுங்கிய பெண்களிடம் இந்த வரி சாதாரணமாக வருவது. வைரஸும் இல்லை என்று வந்துவிட்டபடியால், இதற்காக மறுபடி எடுக்க வேண்டியதில்லை. "இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு வாங்கம்மா, அதுவரைக்கும் எங்கேயாவது இரத்தம் பட்டால் மட்டும் காத்திருக்காமல் வாங்க" என்கிறார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்ததும், அறுபத்தாறு வயதான தம் அக்காளையும் அழைத்துப்போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறது. "எனக்குத்தான் கர்ப்பப்பையையே எடுத்தாச்சே, இனிமேல் என்ன பரிசோதனை?" என்று அக்காள் மறுக்கிறார். கேட்பதற்கு நியாயமான கேள்வி. கர்ப்பப்பையையும் வாயையும் சேர்த்து எடுத்திருந்தால், அதுவும் புற்றுநோய்க்காகவோ அதன் முன்மாறுதலுக்காகவோ அல்லாமல் கட்டிக்காகவோ உதிரப்போக்குக்காகவோ எடுத்திருந்தால், அவருக்கு ஸ்மியர் தேவையில்லை. ஆனால் மேற்பகுதியை மட்டும் நீக்கி வாயை விட்டுவைக்கும் சஸ்திர சிகிச்சையும் உண்டு. தவிர, அறுபத்தைந்தில் பரிசோதனையை நிறுத்தலாம் என்ற பொது விதி, அதற்குமுன் ஒழுங்காகச் செய்து நல்ல முடிவு கண்டவர்களுக்கே உரியது. ஒரு முறையும் செய்யாதவர்களுக்கு அது பொருந்தாது. தங்கை தேடச் சொல்ல, இருபது வருஷத்துக்கு முந்திய டிஸ்சார்ஜ் தாள் பழைய ரேஷன் அட்டையோடு ஒரு தகரப் பெட்டியில் அகப்படுகிறது. பெயர், தேதி, இரத்த வகை எல்லாம் தாண்டி ஐந்தாவது வரியில், கர்ப்பப்பை வாய் நீக்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறது. அடுத்த வாரத்துக்கு அக்காள் பெயரிலும் ஒரு டோக்கன் வாங்கிவைக்கிறார்கள். சின்ன அளவுக் கருவி வேண்டும் என்பதைத் தங்கையே முன்னதாகச் சொல்லிவிடுகிறார்.